டிரேயில் கட்டி, கண்ணாடியில் நுரை

ஃப்ரன்ட் லோட் வாஷிங் மெஷின் உள்ள வீடுகளில் இரண்டு தொல்லைகள் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. சோப்புத்தூள் போடும் டிரேயை இழுத்துப் பார்த்தால் போட்ட தூளில் பாதி ஈரக் கட்டியாக அங்கேயே கிடக்கிறது. அதே மெஷினின் கதவுக் கண்ணாடியில், கடைசி அலசலின்போதுகூட, நுரை அடங்காமல் நிற்கிறது. தூள் உள்ளே போகவில்லை என்கிறது டிரே. அளவுக்கு மேல் போய்விட்டது என்கிறது டிரம். போர் தண்ணீர் வரும் பகுதியாக இருந்தால் குழப்பம் இன்னும் கூடுகிறது. கடின நீரில் சோப்பு நுரைக்காது என்பதுதானே பள்ளிக்கூடத்தில் படித்த பாடம்?

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. தண்ணீரின் கடினத்தை ஈடுகட்ட எவ்வளவு தூள் கூடுதலாகத் தேவை என்று யாரும் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. கணக்கிட்டால் வரும் அளவு, வழக்கமாக அள்ளிப் போடும் அளவை விட மிகவும் சிறியது. அந்தக் கணக்குக்குப் போவதற்கு முன்னால் டிரே எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

டிரேயில் பொதுவாக மூன்று அறைகள் இருக்கும். I என்று பொறித்தது முன்துவைப்புக்கு, II என்பது முக்கியத் துவைப்புக்கு, பூப் படம் போட்டது கண்டிஷனருக்கு. தூளை உள்ளே தள்ளிவிட அங்கே விசிறியோ மோட்டாரோ கிடையாது. டிரே செருகும் கூட்டின் மேற்கூரையில் வரிசையாகச் சிறு துளைகள் இருக்கின்றன. வால்வு திறந்ததும் தண்ணீர் அந்தத் துளைகள் வழியாகத் தூளின் மேல் பாய்ந்து, அதைக் கரைத்து அடித்துக்கொண்டு, பின்பக்கக் குழாய் வழியே தொட்டிக்குள் விழுகிறது. எல்லாமே தண்ணீரின் வேகத்தை நம்பித்தான் நடக்கிறது.

அந்த வேகம் நம் வீடுகளில் பெரும்பாலும் குறைவு. பல மெஷின்களின் கையேடுகள் குறைந்தது 0.3 அல்லது 0.5 பார் நீரழுத்தம் கேட்கின்றன. மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்கு, 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும். மொட்டை மாடியில் ஒரு மீட்டர் மேடையில் தொட்டி, அதற்கு நேர் கீழுள்ள தளத்தில் மெஷின் என்று வைத்துக்கொண்டால், மெஷினின் வால்வுக்கும் தொட்டிக்கும் இடையே சுமார் 3 மீட்டர்தான் இருக்கும். அதாவது 0.3 பார். தொட்டி மேடையில்லாமல் தளத்திலேயே உட்கார்ந்திருந்தால் அதுவும் இல்லை. அடுக்குமாடிக் கட்டடங்களில் மேல்தளத்துக்காரர்கள் டிரே அடைப்பைப் பற்றிப் புலம்பும்போது, அதே மெஷினை வைத்திருக்கும் கீழ்த்தளத்துக்காரர்களுக்கு அது புரியாமல் போவது இதனால்தான். மெஷின் நிரம்ப வேண்டிய மட்டம் வரை எப்படியும் நிரம்பிவிடும், அதற்குக் கொஞ்சம் நேரம் கூடுதலாகும், அவ்வளவே. ஆனால் பாய வேண்டிய தண்ணீர் சொட்டுகிறது. தூளின் நடுவில் ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டு ஓடிவிடுகிறது. இரு பக்கமும் தூள் நனைந்து நிற்கிறது.

நனைந்த தூள் அடுத்த முறை வரை தூளாகவே காத்திருக்காது. துணி துவைக்கும் தூள்களில், குறிப்பாக விலை மலிவானவற்றில், சலவை சோடா கணிசமாக இருக்கும். சோடா கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சியதும் அதைத் தன் படிகத்துக்குள் வாங்கிக்கொண்டு இறுகிவிடும். நிறையத் தண்ணீர் வேகமாக வந்தால் கரையும், கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் கட்டியாகும். தூளில் சிலிகேட் சேர்ந்திருந்தால் அது பசைபோல் பிடித்துக்கொள்ளும். கடின நீர் இங்கேதான் முதலில் தன் வேலையைக் காட்டுகிறது. தண்ணீரில் உள்ள கால்சியம், சோடாவைச் சந்தித்ததும் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்புப் படிவாக மாறுகிறது. அது தண்ணீரில் கரையாது. வீட்டுக் குழாய் முனையில் வெள்ளையாகப் படிவதும் பெரும்பாலும் இதே பொருள்தான். டிரேயின் மூலையிலும், மேற்கூரைத் துளைகளிலும், கண்டிஷனர் அறையின் சிறு குழாயிலும் அது படியப் படிய, ஏற்கெனவே மெலிந்த நீரோட்டம் இன்னும் மெலிகிறது. அடைப்பு அடுத்த அடைப்பை வளர்க்கிறது.

இனி கணக்கு. கடினத்தை, ஒரு லிட்டர் நீரில் உள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகளைக் கால்சியம் கார்பனேட் அளவாக மாற்றி, மில்லிகிராமில் சொல்வார்கள். குடிநீருக்கான இந்தியத் தரம், 2012-ஆம் ஆண்டின் ஐ.எஸ். 10500, 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீர்வழி இல்லாத இடங்களில் 600 வரை அனுமதிக்கிறது. தூள் தயாரிப்பவர்களின் கண்ணில் 200 என்பதே கடின நீர்தான்.

சென்னைப் புறநகரில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். கோடையில் போர் தண்ணீர், கடினம் 500. மழைக்காலத்துக்குப் பின் குழாய்த் தண்ணீர் வரத் தொடங்கினால் 120. ஃப்ரன்ட் லோட் மெஷின் முக்கியத் துவைப்புக்கு 15 லிட்டர் எடுக்கிறது என்று வைப்போம். 500 கடினமுள்ள 15 லிட்டரில் இருப்பது 7.5 கிராம் சுண்ணம். 120 கடினத்தில் 1.8 கிராம். வித்தியாசம் 5.7 கிராம். இதைப் பிடித்து ஒதுக்கிவைக்க 6 கிராம் சலவை சோடா போதும். தூளில் மூன்றில் ஒரு பங்கு சோடா என்று கொண்டால், கோடைத் தண்ணீருக்காகக் கூடுதலாகப் போட வேண்டிய தூள் 18 கிராம்தான். குவித்த ஒரு சாப்பாட்டுக் கரண்டி.

அதே வீட்டில் முன்பு டாப் லோட் மெஷின் இருந்திருந்தால் கணக்கு வேறு. ஒரு துவைப்புக்கு 50 லிட்டர் தண்ணீர். அதில் அதே கடின வித்தியாசம் 19 கிராம் சுண்ணம், அதற்குச் சோடா 20 கிராம், தூள் 60 கிராம். டாப் லோடில் கூடுதல் தூள் போட்ட கை தவறு செய்யவில்லை. புது மெஷின் வந்த பிறகும் கை பழைய அளவையே அள்ளுகிறது. தண்ணீர் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்துவிட்டது, தூள் குறையவில்லை. அதுவும் வாளியில் ஊறவைத்துக் கையால் துவைப்பதற்கான தூள் என்றால் இன்னும் மோசம். அந்தத் தூள் நன்றாக நுரைக்கும்படியே செய்யப்படுகிறது. ஃப்ரன்ட் லோடுக்கான தூளிலும் லிக்விடிலும் நுரையை அடக்கும் பொருள் சேர்த்திருப்பார்கள்.

அப்படியானால் கடின நீரில் நுரை எங்கிருந்து வருகிறது? கால்சியமும் மக்னீசியமும் தூளின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும் வரை நுரை தயங்குகிறது. அவை தீர்ந்த கணத்திலிருந்து, அதற்கு மேல் இருக்கும் ஒவ்வொரு கிராமும் மென்னீரில் போட்டது போலவே வேலை செய்யும். நுரை படிப்படியாக ஏறாது, ஒரு எல்லை தாண்டியதும் குபீரென்று பொங்கும். ஆரம்பத்தில் நுரை இல்லையே என்று டிரேயைத் திறந்து இன்னொரு கரண்டி போடுபவர்கள் அந்த எல்லைக்கு மிக அருகில் நின்றுகொண்டுதான் போடுகிறார்கள்.

வேறு இரண்டு வழிகளிலும் நுரை வருகிறது. ஒன்று, தண்ணீர் மாறும் நாள். கோடையில் பழகிய அளவு, மழைக்குப் பின் மென்மையான தண்ணீர் வரும் வாரத்திலும் தொடர்கிறது. போர், லாரி, குழாய் மூன்றும் ஒரே சம்பில் கலக்கும் குடியிருப்புகளில் இது வாரத்துக்கு வாரம் மாறலாம். துணியும் தூளும் அதேதான், மெஷினில் பழுது இல்லை, ஆனாலும் திடீரென்று நுரை. இத்தகைய வீடுகளில் மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன்னால், அந்த வாரம் சம்பில் எந்தத் தண்ணீர் விழுந்தது என்று காவலாளியிடம் கேட்பது பயனுள்ள கேள்வி.

இன்னொன்று, டிரேயில் தங்கிய கட்டி. முக்கியத் துவைப்பில் கரையாமல் நின்றது, அலசலுக்காகத் தண்ணீர் மீண்டும் பாயும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து உள்ளே இறங்குகிறது. கண்டிஷனருக்காகத் திறக்கும் தண்ணீர் பக்கத்து அறையிலும் தெறித்து, கடைசி அலசலில் புதுத் தூளைக் கொண்டுவந்து சேர்க்கிறது. அழுக்கோடு போராட வேண்டிய நேரத்தில் வராத தூள், எல்லாம் கழுவிப் போக வேண்டிய நேரத்தில் வருகிறது. அப்போது அதைப் பிடித்துவைக்க அழுக்கும் இல்லை.

நுரை பார்க்க அழகாக இருக்கலாம், மெஷினுக்கு அது பகை. ஃப்ரன்ட் லோடில் துணி மேலே தூக்கப்பட்டு, கீழே விழுந்து, அந்த அடியில்தான் வெளுக்கிறது. நுரை மெத்தையாக விரிந்தால் அடி விழாது. சுழற்சி வேகம் எடுக்கும்போது டிரம்முக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவில் நுரை நிரம்பி, மோட்டாரை இழுத்துப் பிடிக்கிறது. வடிகால் பம்ப் தண்ணீரைத் தள்ளவே செய்யப்பட்டது, நுரையை அதனால் சரியாகத் தள்ள முடியாது. இதை உணரும் மெஷின்கள் ஸ்பின்னை நிறுத்திக் காத்திருக்கும், கூடுதலாக அலசும், நேரக் கணக்கு 45 நிமிடத்திலேயே நின்றுவிட்டது போல் தோன்றும். சில மெஷின்களின் திரையில் Sd அல்லது SUd என்ற எழுத்துகள் வரும். நுரை டிரே வழியாக முன்பக்கம் வழிந்தால், அது டிரேயின் பழுதல்ல. தொட்டிக்குள் இடம் தீர்ந்துபோய், தூள் இறங்கிய அதே குழாயில் நுரை திரும்பி ஏறியிருக்கிறது.

நுரை பொங்கிவிட்டால் மெஷினை நிறுத்திவைத்து அரை மணி நேரம் காத்திருப்பதே முதல் வேலை. பாதி நுரை தானாக அடங்கும். பிறகு தூள் எதுவும் இல்லாமல் ரின்ஸ் மற்றும் ஸ்பின் மட்டும் ஓட்டலாம். ஒரு தேக்கரண்டியை விடப் பெரிய கரண்டி அளவு கண்டிஷனரை அரை லிட்டர் தண்ணீரில் கலந்து II அறையில் ஊற்றச் சொல்லும் கையேடுகளும் உண்டு. தூளும் கண்டிஷனரும் எதிரெதிர் மின்னேற்றம் கொண்டவை என்பதால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள, நுரை சாய்கிறது. அவசரத்துக்கு இது உதவும். வழக்கமாக்கினால் அந்த இரண்டும் சேர்ந்த பிசுக்கு டிரேயிலும் தொட்டியிலும் படியும்.

இந்தப் பிசுக்கே கண்டிஷனர் அறை அடைவதற்கும் பெரிய காரணம். அந்த அறையின் நடுவில் மூடியோடு ஒரு சிறு குழாய் நிற்கும். தண்ணீர் அதன் உச்சியைத் தாண்டியதும் அறையில் உள்ள அனைத்தும் ஒரே மூச்சில் இழுக்கப்பட்டு உள்ளே போகும். MAX கோட்டுக்கு மேல் கண்டிஷனர் ஊற்றினால், துவைப்பு தொடங்குவதற்கு முன்பே அந்த இழுப்பு தொடங்கி, அது தூளோடு கலந்துவிடுகிறது. குழாயில் படிவு சேர்ந்தால் மறுபக்கத்துத் தொல்லை: இழுப்பே நடக்காமல், துவைத்து முடித்த பின்னும் அறையில் நீலநிறத் தண்ணீர் தேங்கி நிற்கும்.

எது காரணம் என்று வீட்டிலேயே பிரித்தறியலாம். டிரேயைத் துடைத்து, தூள் போடாமல், மெஷினைத் துணியில்லாமல் ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்போதும் கண்ணாடியில் நுரை தெரிந்தால், பழைய மிச்சம் மெஷினுக்குள் இருக்கிறது. துவைத்துக் காய்ந்த ஒரு துண்டை வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கிக் கசக்கினால் நுரை வருகிறதா? வந்தால் துணி தூளோடு காய்ந்திருக்கிறது. கறுப்புத் துணியில் தெரியும் வெள்ளைப் பூச்சு சற்று ஏமாற்றும். வெந்நீரில் தேய்த்ததும் வழுக்கலாகி மறைந்தால் அது கரையாத தூள், அளவும் அழுத்தமும் காரணம். வெந்நீரில் மறையாமல் வினிகரில் மட்டும் மறைந்தால் அது சுண்ணாம்பு, தண்ணீர் காரணம். முதலாவதற்குத் தூளைக் குறைக்க வேண்டும். இரண்டாவதற்கு வெறுமனே குறைத்தால் துண்டுகள் இன்னும் விறைத்துப் போகும்.

தண்ணீரைச் சோதிக்க டி.டி.எஸ். மீட்டரை நம்ப வேண்டாம். அது கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துச் சொல்கிறது. சமையல் உப்பு கலந்த தண்ணீரும் அதில் உயர்ந்த எண் காட்டும், ஆனால் அதில் கால்சியம் இருக்காது. கடினத்துக்கென்றே துளி மருந்து வரும் சோதனைப் பெட்டிகள் கடைகளில் உண்டு. தண்ணீர் செம்மையிலிருந்து நீலமாக மாறும் வரை எத்தனை துளி விழுந்தது என்று எண்ணினால் கடினம் தெரியும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களிலும் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை பார்த்துவிட்டால் இரண்டு அளவுகளை வைத்துக்கொண்டு ஆண்டு முழுதும் ஓட்டிவிடலாம்.

டிரேயைக் கழுவுவது பெரிய வேலையில்லை, ஆனால் முக்கால்வாசிப் பேர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். பூட்டை அழுத்தி டிரேயை முழுதாக வெளியே எடுத்து, கண்டிஷனர் அறையின் மூடியைக் கழற்றி, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் தூள் கட்டி கரைந்துவிடும். கரையாத வெள்ளைப் படிவுக்கு ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் கலந்து மீண்டும் ஊறவைக்க வேண்டும். ப்ளீச்சை அதோடு சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். விட்டுப்போகும் பகுதி டிரே செருகும் கூடு. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, டார்ச் அடித்து மேற்கூரையைப் பார்த்தால் அடைந்த துளைகள் தெரியும். பழைய பல் துலக்கியும் பல்குத்தியும் போதும். அதன் பின் குழாயை மூடி, பின்பக்க ஹோஸைக் கழற்றினால் வால்வின் வாயில் ஒரு சிறு சல்லடை இருக்கும். போர் தண்ணீர் வீடுகளில் மணலும் துருவும் அதில்தான் குவிகின்றன. டிரேயைப் பளபளவென்று கழுவி, இந்தச் சல்லடையை விட்டுவிட்டால், அடுத்த மாதமே கட்டி திரும்ப வரும்.

அழுத்தம் குறைந்த மேல்தளத்தில், தூளை டிரேயில் குவிக்காமல் அகலமாகப் பரப்பிப் போடுவது உதவும். லிக்விடுக்கு மாறினால் கட்டித் தொல்லை பெருமளவு தீரும், ஆனால் லிக்விடையும் அளந்தே ஊற்ற வேண்டும். அளவுக்கு வீட்டுச் சமையல் தராசே போதும். தூளோடு வரும் கரண்டியில் மட்டமாக எத்தனை கிராம், குவித்தால் எத்தனை என்று ஒரு முறை எடை போட்டுவிட்டால், ஒரு மட்டக் கரண்டிதான் போடுகிறோம் என்ற எண்ணம் எவ்வளவு பிசகியது என்று தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004-ஆம் ஆண்டின் 648-ஆம் எண் விதிப்படி, துணி துவைக்கும் பொருளின் உறையில் மென்னீர், நடுத்தர நீர், கடின நீர் மூன்றுக்கும் தனித்தனி அளவு அச்சிட வேண்டும். நம் கடைகளில் வாங்கும் உறைகளில் பெரும்பாலும் துணியின் அளவு மட்டுமே பேசப்படுகிறது. தண்ணீர் இவ்வளவு மாறும் ஊரில் அந்த ஒரு வரி அச்சாகாதது பெரிய குறை. அதுவரை, உறையில் சொன்ன அளவைத் தொடக்கமாக வைத்து, துவைப்புக்கு ஐந்து கிராம் வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். கடைசி அலசலில் கண்ணாடி தெளிந்து, காலர் அழுக்கும் போகிற இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். துவைக்கும்போது கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் மெல்லிய நுரைப் படலம் இருந்தாலே போதுமானது.

கடினம் 500-ஐத் தாண்டும் வீடுகளில் தூளை மட்டும் சரிசெய்து முழுத் தீர்வு காண முடியாது. அலசுவதும் அதே தண்ணீர்தான் என்பதால் துணியில் சுண்ணம் ஏறிக்கொண்டே இருக்கும். அங்கே ரெசின் நிரப்பிய மென்னீர்க் கருவி நல்ல வழி. அது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. பொருத்திய முதல் வாரத்தில் பல வீடுகளில் நுரை முன்னைவிட மோசமாகப் பொங்கும். கருவி பழுதில்லை, தூளின் அளவை யாரும் பாதியாக்கவில்லை. கருவிக்குக் கல்லுப்பு போட்டு ரெசினைப் புதுப்பிப்பது தவறினால் கடினம் சத்தமில்லாமல் திரும்பிவிடும். அந்தக் கருவி உள்ள வீடுகளில் கடினம் சோதிக்கும் துளி மருந்தை மெஷினுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, உப்பு போடும் நாளுக்கு முந்தைய நாள் ஒரு முறை பார்ப்பது, தூளை மாற்றிப் போடும் வீண் சோதனைகளைத் தவிர்த்துவிடும்.